நோட்டீஸைப் படிப்போம், போஸ்டர் எழுதுவோம்

(பெங்களூரில் தமிழ் முதியோர் கல்வி மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று உங்களுக்கு ஒரு நோட்டீஸின் கதையைச் சொல்லப் போகிறேன். பிறகு ஒரு சோப்புப் பெட்டியின் கதை. கடைசியாக ஒரு போஸ்டரின் கதை. மூன்றும் விளம்பரம்தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

நம் வகுப்பில் ஒரு அக்கா இருக்கிறார். கட்டட வேலைக்குப் போகிறவர். கலவைச் சட்டியும் செங்கல்லும் சுமப்பது அவர் வேலை. இரண்டாம் புத்தகம் முடித்த வாரத்தில், மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் ஒருவர் அவர் கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார். அக்கா அதை எழுத்துக் கூட்டி, யார் துணையும் இல்லாமல் முழுக்கப் படித்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அது மூட்டு வலித் தைலத்தின் நோட்டீஸ். உடனே 450 ரூபாய் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினார். அது அவருடைய ஒரு நாள் கூலி.

பாட்டில் காலியானது. வலி அப்படியே இருந்தது.

வகுப்புக்கு வந்து அவர் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "டீச்சர், படிக்கத் தெரியாதப்போ நோட்டீஸை வாங்கித் தூரப் போட்டுருவேன். படிக்கத் தெரிஞ்சதுனாலதான் ஏமாந்தேன்" என்றார்.

அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்தோம். அந்த நோட்டீஸையே பாடமாக எடுத்தோம்.

இரண்டு பென்சில்

ஒரு சிவப்புப் பென்சில், ஒரு நீலப் பென்சில் எடுத்துக்கொண்டோம். விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இது உண்மையா, பொய்யா என்று நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?" வழி இருந்தால் அதன் கீழே நீலக் கோடு. வழி இல்லை, ஆனால் மனசை இழுக்கிறது என்றால் சிவப்புக் கோடு. அவ்வளவுதான் பாடம்.

நோட்டீஸின் முதல் வரி: "இரவில் தூக்கமில்லையா? மாடிப்படி ஏற முடியவில்லையா?" அக்கா சிரித்துவிட்டார். "என்னைப் பார்த்தே எழுதின மாதிரி இருந்துச்சு" என்றார். அதுதான் அந்த வரியின் வேலை. உடம்பு உழைத்து வாழும் எல்லோருக்கும் மூட்டு வலி உண்டு. கேள்வி கேட்டால் நாம் மனசுக்குள் "ஆமாம்" என்று சொல்கிறோம். ஒருமுறை "ஆமாம்" சொன்னவர் அடுத்த வரியையும் நம்பத் தயாராகிவிடுகிறார். சிவப்புக் கோடு போட்டோம்.

இரண்டாவது வரி: "7 நாளில் பூரண குணம்." எண் வந்தால் கணக்குப் போட்டுச் சொன்ன மாதிரி தோன்றும். ஆனால் யாருக்குக் குணமானது, யார் பார்த்தார்கள் என்று நோட்டீஸில் இல்லை. சிவப்பு.

மூன்றாவது: "பல்லாயிரம் பேர் பயனடைந்தனர்." ஊரே வாங்குகிறது, நாம் மட்டும் விடலாமா என்ற எண்ணத்தை இது உண்டாக்கும். ஒருவருடைய பெயராவது, ஊராவது இல்லை. சிவப்பு.

நான்காவது ஒரு படம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சிரிக்கிறார். அவர் டாக்டர் என்று நோட்டீஸ் எங்கேயும் சொல்லவில்லை. கோட்டைப் பார்த்து நாமாகவே டாக்டர் என்று நினைத்துக்கொண்டோம். சொல்லாமலே நம்ப வைப்பது இது. சிவப்பு.

ஐந்தாவது: "இன்று ஒரு நாள் மட்டும் பாதி விலை." யோசிக்கவும், வீட்டில் கேட்கவும் நேரம் கொடுக்காமல் அவசரப்படுத்தும் வரி. அடுத்த வாரம் அதே நிறுத்தத்தில் அதே நோட்டீஸை அக்கா மறுபடி வாங்கி வந்தார். அதே "இன்று ஒரு நாள் மட்டும்" இருந்தது! இதைத்தான் நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. அது பொய் என்று தெரிந்தது.

கடைசியில் நீலக் கோடு போட என்ன மிஞ்சியது? விலை மட்டும்தான். தைலத்தில் என்ன சேர்த்திருக்கிறது என்று இல்லை. செய்தவர் முகவரி இல்லை. செய்த மாதம், வருடம் இல்லை. இருப்பதைப் படிப்பது ஒரு படிப்பு. இல்லாததைக் கண்டுபிடிப்பது அடுத்த படிப்பு.

இப்படிப்பட்ட விளம்பரத்துக்குச் சட்டம் உண்டு. 1954ஆம் ஆண்டிலேயே மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க ஒரு மத்தியச் சட்டம் வந்தது. நீரிழிவு, புற்றுநோய், கண்புரை போன்ற பல நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்கிறது அந்தச் சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். ஏமாற்றும் விளம்பரம் செய்தவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அதில் முகம் காட்டிப் பரிந்துரைத்தவருக்கும் போடலாம். புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ஆனால் புகாருக்குச் சான்று வேண்டும். நோட்டீஸையும், பாட்டிலையும், ரசீதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அக்காவிடம் நோட்டீஸ் இருந்தது. ரசீது இல்லை. கேட்டு வாங்கவில்லை.

நம் ஊர்ச் சோப்பு

அடுத்த நாள் ஒரு தம்பி கேட்டார்: "அப்போ விளம்பரம்னாலே பொய்தானா டீச்சர்?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல நான் ஒரு சோப்புப் பெட்டியை எடுத்து வந்தேன். மைசூர் சாண்டல் சோப்பு. பெயரில் மைசூர் இருந்தாலும் அது பிறந்தது நம் பெங்களூரில்தான். ராஜாஜிநகர் பக்கம் போனால் அந்தத் தொழிற்சாலையைப் பார்க்கலாம்.

அதன் கதை முதலாம் உலகப் போரில் தொடங்குகிறது. அப்போது மைசூர் ராஜ்ஜியத்துச் சந்தனக் கட்டைகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். அங்கே எண்ணெய் எடுப்பார்கள். 1914இல் போர் வந்தது. ஏற்றுமதி நின்றது. கட்டைகள் இங்கேயே குவிந்து கிடந்தன. அப்போது மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். திவான் விசுவேசுவரய்யா. "எண்ணெயை நாமே எடுப்போம்" என்று முடிவு செய்தார்கள். 1916இல் மைசூரில் எண்ணெய் ஆலை வேலை தொடங்கியது. அந்த எண்ணெயைச் சேர்த்துச் சோப்பு செய்யும் பொறுப்பு எஸ்.ஜி. சாஸ்திரி என்ற இளம் வேதியியல் அறிஞருக்கு வந்தது. அவர் இங்கிலாந்து போய்த் தொழில் கற்று வந்தார். 1918இல் பெங்களூரில் அரசுச் சோப்புத் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது.

நல்ல சோப்பு தயார். ஆனால் அதை யாருக்கும் தெரியாது. எப்படித் தெரிவிப்பது? அந்தக் காலத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே எழுத்தை மட்டும் நம்ப முடியாது.

அவர்கள் செய்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சோப்புக்குத் தனி வடிவம் கொடுத்தார்கள். மற்றச் சோப்புகள் செங்கல் போல நீள் சதுரமாக இருந்தபோது இது முட்டை வடிவம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும்.

பெட்டியை நகைப் பெட்டி போல அமைத்தார்கள். நகைப் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே விலை உயர்ந்தது இருக்கும் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பைச் சோப்புக்கும் கொண்டுவந்தார்கள்.

பெட்டியின் மேல் ஓர் உருவம் வைத்தார்கள். சிங்க உடம்பு, யானைத் தலை. சரபம் என்று அதற்குப் பெயர். சிங்கம் வலிமைக்கு, யானை அறிவுக்கு. இதைச் சொல்லிக் கேட்டால் போதும், படிக்கத் தெரியாத பாட்டியும் கடைக்காரரிடம் "அந்த யானைத் தலை சோப்பு குடு" என்று கேட்டுவிடலாம்.

பிறகு அந்தப் பெட்டியின் படத்தை மக்கள் கையில் படும் இடங்களில் எல்லாம் அச்சடித்தார்கள். டிராம் வண்டி டிக்கெட்டில் போட்டார்கள். தீப்பெட்டியில் போட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை கையில் எடுக்கும் தீப்பெட்டி! கராச்சி நகரத்தில் ஒட்டக ஊர்வலமே நடத்தினார்களாம். ஒட்டகம் வரிசையாகப் போனால் யார்தான் வீட்டுக்குள் இருப்பார்கள்?

இப்போது பென்சிலை எடுங்கள். முட்டை வடிவம், நகைப் பெட்டி, சரபம், ஒட்டகம் எல்லாம் என்ன? எல்லாம் சிவப்பு. அழுக்கு போகுமா, நுரை வருமா என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. நம் கண்ணையும் மனசையும்தான் இழுக்கின்றன.

நீலம் எது? உள்ளே சந்தன எண்ணெய் சேர்த்திருக்கிறது என்பது நீலம். பெட்டியைத் திறந்தால் மூக்கே சொல்லிவிடும். பொடி எழுத்தைப் படியுங்கள். எடை, விலை, தயாரித்த மாதம், தொழிற்சாலை முகவரி இருக்கும். எல்லாம் நீலம். பெரிய எழுத்து நம்மைக் கூப்பிடுகிறது. பொடி எழுத்துதான் கணக்குச் சொல்கிறது. அதனால் பொடி எழுத்தை முதலில் படிக்கப் பழகுங்கள்.

இப்போது அந்தத் தம்பிக்குப் பதில் கிடைத்துவிட்டது. சிவப்பு என்றால் பொய் என்று பொருள் இல்லை. வாசலில் கோலம் போடுவது போல அது. கோலம் நம்மை வீட்டைப் பார்க்க வைக்கும். ஆனால் உள்ளே வீடு இருக்க வேண்டும். தைல நோட்டீஸில் கோலம் மட்டும்தான் இருந்தது.

இந்தச் சோப்பைப் பற்றி 2025இல் ஒரு சர்ச்சையும் வந்தது. கர்நாடக அரசு, நடிகை தமன்னாவை இரண்டு ஆண்டுக்கு விளம்பரத் தூதராக நியமித்தது. தொகை 6 கோடியே 20 லட்சம் ரூபாய். "கன்னட நடிகை இல்லையா?" என்று பலர் கேட்டார்கள். "வெளி மாநிலங்களிலும் விற்பனையைக் கூட்ட வேண்டும், அதற்காகத்தான்" என்று அரசு பதில் சொன்னது. யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு பக்கமும் முகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். சோப்பைப் பற்றிப் பேசவில்லை. தெரிந்த முகம் ஒன்று வந்தால் பேச்சு முழுவதும் அதன் பக்கம் திரும்பிவிடும். முகத்துக்கு அவ்வளவு பலம்.

நாமே ஒரு பொருள்

படித்தது போதும், இனி எழுதுவோம் என்றேன். நாமே ஒரு பொருளைக் கற்பனை செய்ய வேண்டும். அதற்கு ஒரு போஸ்டர் எழுத வேண்டும்.

எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஊதுபத்தி என்றார். ஒருவர் ராகி முறுக்கு என்றார். நம் கட்டட வேலை அக்கா, "சும்மாடு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சும்மாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தால் சும்மாடு. அக்கா விடவில்லை. "கலவைத் தண்ணி சொட்டுச்சுன்னா துண்டு ஊறிப் போகும். ஊறினா நழுவும். ஒரு கையால சட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால துண்டைச் சரி பண்ணணும். சாரத்துல நிக்கும்போது அது நடந்தா என்ன ஆகும் தெரியுமா?" என்றார்.

சிரிப்பு நின்றது. சும்மாடே முடிவானது.

கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கை ஒருவர் வெட்டி எறியும் துண்டுத் துணி கொண்டு வந்தார். அதை வளையமாக, இரண்டு விரல் கனத்துக்குத் தைத்தார்கள். மேலேயும் கீழேயும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்துத் தைத்தார்கள். ரப்பர் பிடிக்கும் அல்லவா? ஒரு கயிறு வைத்துத் தாடையில் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். சட்டி சரிந்தால் சும்மாடும் அதோடு போக வேண்டும். கட்டிவிட்டால் கழுத்தையும் சேர்த்து இழுக்கும். பொருளைப் பயன்படுத்துகிறவர் பக்கத்தில் இருந்தால்தான் இதெல்லாம் தெரியும்.

"தோழி சும்மாடு" என்று பெயர் வைத்தார்கள். விலையைக் கணக்குப் போட்டார்கள். துணி 10 ரூபாய், டியூப் 5, நூல் 3, தையல் கூலி 30. கடைக்காரருக்கு 7. அடுத்த துணி வாங்க 5. மொத்தம் 60 ரூபாய்.

முதல் போஸ்டர்

முதல் போஸ்டரை அக்காவே சொல்லச் சொல்ல, ஒரு தம்பி எழுதினார். இப்படி வந்தது:

"அதிசய சும்மாடு! உலகத் தரம்! கழுத்து வலி, தலைவலி பறந்து போகும்! ஆயிரக்கணக்கானோர் வாங்கிவிட்டனர்! இன்று மட்டும் 60 ரூபாய்! முந்துங்கள்!"

எழுதி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் எதுவும் சொல்லாமல் இரண்டு பென்சிலையும் நீட்டினேன்.

தம்பி ஒவ்வொரு வரியாகச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். "அதிசயம்" சிவப்பு. "உலகத் தரம்" சிவப்பு. ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்களா? நாம் தைத்ததே ஆறு சும்மாடு. "இன்று மட்டும்" என்பது பொய். நாளைக்கும் 60தான். நீலமாக மிஞ்சியது 60 ரூபாய் மட்டும்.

யாரும் பேசவில்லை. அக்காதான் மெதுவாகச் சொன்னார்: "இது அந்தத் தைலக்காரன் நோட்டீஸ் மாதிரியே இருக்கு."

ஆமாம். எழுத உட்கார்ந்தால் நம் காதில் ஏற்கனவே விழுந்ததுதான் கைக்கு வரும். அக்கா யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. விளம்பரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். கழுத்து வலி வரியைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டேன். "உங்களை மாதிரி ஒருத்தி இதை நம்பி வாங்குகிறாள். வலி போய்விடும் என்று இன்னும் இரண்டு செங்கல் கூட ஏற்றுகிறாள். அப்புறம்?" அக்கா அந்த வரியைத் தானே அடித்தார்.

சோதனை

அப்படியானால் எதைச் சொல்வது? நாம் பார்த்ததைச் சொல்வோம் என்று முடிவு செய்தார்கள். பார்க்க வேண்டுமானால் சோதிக்க வேண்டும்.

ஒரு சட்டியில் 12 கிலோ மணல் நிரப்பினார்கள். மூன்று பெண்கள். ஒவ்வொருவரும் அதைச் சுமந்துகொண்டு இந்தக் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை 20 நடை நடக்க வேண்டும். முதலில் நனைத்த துண்டை வைத்து. பிறகு நனைத்த சும்மாட்டை வைத்து. நழுவிக் கையால் சரிசெய்தால் ஒரு கோடு. ஒருவர் பலகையில் குறித்துக்கொண்டே இருந்தார்.

மொத்தம் 60 நடையில் துண்டு 14 முறை நழுவியது. சும்மாடு 3 முறை நழுவியது.

ஒரு தங்கை "நழுவவே நழுவாது என்று போடலாமா?" என்று கேட்டார். பலகையில் மூன்று கோடு இருக்கிறதே! அதனால் "நழுவுவது குறைவு" என்று எழுதினார்கள். படிக்கட்டில் சோதிக்கவில்லை. ஆகவே படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. டியூபில் சிமெண்ட் தூசி படிந்தால் பிடிமானம் குறைகிறது என்றும் தெரிந்தது. அதை மறைக்காமல் "தினமும் கழுவுங்கள்" என்று சேர்த்தார்கள்.

இரண்டாவது போஸ்டர் நேர்மையாக இருந்தது. ஆனால் யாரும் படிக்கவில்லை! சோதனைக் கதை முழுவதையும் எழுதிவிட்டார்கள். சார்ட் முழுக்க எழுத்து. அதைத் தெருவில் பிடித்துக்கொண்டு நின்றோம். போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்கள். உண்மை மட்டும் இருந்தால் போதாது. வாசலில் கோலமும் வேண்டும். சோப்புக்காரர்கள் ஒட்டகத்தைச் சும்மா நடத்தவில்லை.

தலைப்புக்கு என்ன செய்வது? அக்கா வேலையிடத்தில் சக பெண்களிடம் எப்படிப் பேசுவார் என்று கேட்டேன். "துண்டு நழுவுதா, அக்கா?" என்றார். அதுவே தலைப்பு. தைல நோட்டீஸும் கேள்வியோடுதான் தொடங்கியது. கேள்வி கேட்பது தவறல்ல. கேள்விக்குப் பின்னால் வரும் பதிலைத்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் படம். சட்டி சுமக்கும் ஒரு பெண். சும்மாட்டுக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் நிறம். வேறு எதற்கும் நிறம் இல்லை. கண் நேராக அங்கே போகும்.

எழுத்தின் அளவு எவ்வளவு? சுவரில் ஒட்டிவிட்டுப் பதினைந்து அடி நடந்து திரும்பிப் பார்த்தார்கள். தலைப்பு மங்கலாகத் தெரிந்தது. மூன்று விரல் உயரத்துக்கு எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பிறகு முதல் புத்தகம் படிக்கும் ஒரு பாட்டியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். "பிடிமானம்" என்ற இடத்தில் தடுக்கினார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள்.

கட்டட வேலையில் கன்னடம் பேசுகிறவர்களும் இருக்கிறார்களே! சும்மாட்டைக் கன்னடத்தில் சிம்பி என்பார்கள். பக்கத்து வகுப்பில் கன்னடம் படிக்கும் ஒரு சகோதரர் தலைப்பையும் பெயரையும் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார்.

முடிவான போஸ்டர் இதுதான்:

துண்டு நழுவுதா, அக்கா?
(படம்)
தோழி சும்மாடு
டியூப் ரப்பர் வைத்துத் தைத்தது.
ஈரத்திலும் நழுவுவது குறைவு.
60 நடை நடந்து பார்த்தோம்.
ஈரத் துண்டு நழுவியது 14 முறை. இது 3 முறை.
விலை 60 ரூபாய்.
தினமும் கழுவுங்கள். இது வலிக்கு மருந்து அல்ல.
கிடைக்கும் இடம்: மாலை வகுப்புக் கூடம், இரவு 7 மணி முதல் 9 மணி வரை.

பென்சிலை எடுத்துப் பாருங்கள். தலைப்பும் படமும் சிவப்பு. மற்றதெல்லாம் நீலம். சந்தேகம் இருந்தால் கூடத்துக்கு வந்து நடந்து பார்க்கலாம். மணலும் சட்டியும் இங்கேதான் இருக்கின்றன.

ஒட்டும் இடம்

கண்ட சுவரில் ஒட்டக் கூடாது. பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்க 1981இலேயே கர்நாடகத்தில் சட்டம் வந்துவிட்டது. அதனால் ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டு, அவர் கடைக்கு உள்ளே ஒட்டினார்கள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடை அது. சும்மாடு வேண்டியவர்கள் அங்கேதான் நின்று டீ குடிக்கிறார்கள். நகைக் கடைத் தெருவில் ஒட்டி என்ன பயன்?

முதல் நாள் காலையில் அக்காவும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் போஸ்டரைப் பார்த்துவிட்டு, "இதை வெச்சா கழுத்து வலி போகுமா?" என்று கேட்டாராம். படிக்கத் தெரியாதவர். படத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

அக்கா எழுந்து போய், கடைசி வரிக்கு முந்தின வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார்: "இது வலிக்கு மருந்து அல்ல." பிறகு சொன்னார்: "வலி போகாதும்மா. வலி இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போ. ஆனா துண்டு மாதிரி நழுவாது. கொஞ்சம்தான் நழுவும்."

அந்தப் பெண் மறுநாள் இரவு கூடத்துக்கு வந்து, சட்டியைச் சுமந்து ஐந்து நடை நடந்து பார்த்துவிட்டு ஒன்று வாங்கிப் போனார். ரசீது எழுதிக் கொடுத்தவர் நம் அக்கா.

இப்போது உங்கள் முறை. சார்ட் இருக்கிறது. பென்சில் இரண்டும் இருக்கின்றன. நான்கு நான்கு பேராக உட்காருங்கள். என்ன பொருள் செய்யப் போகிறீர்கள், அதை யார் வாங்குவார், அவர் எங்கே நிற்பார் என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு எழுதுங்கள்.